குரலும் கர்சரும் ஒரே வழியில்: திரைப் பாடம் பதிவு செய்யும் முறை

அலுவலகத்தில் ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கணினி வேலை சொல்லிக்கொடுப்பது எளிது. புரியாவிட்டால் அவரே "எங்கே இருக்கு?" என்று கேட்பார், விரலால் தொட்டுக் காட்டிவிடலாம். அதே வேலையை வீடியோவாகப் பதிவு செய்து அனுப்பும்போது கேள்வி கேட்க வழியில்லை. பார்ப்பவருக்குத் துணையாக இருப்பவை உங்கள் குரலும் கர்சரும்தான். குரல் ஒன்றைச் சொல்ல, கர்சர் வேறெங்கோ அலைந்தால் அவர் பின்னோக்கி ஓட்டிப் பார்க்கத் தொடங்குவார். இந்த இரண்டையும் ஒரே வழியில் நடத்துவது எப்படி என்பதை ஒரு சிறிய வேலையை வைத்துப் பார்க்கலாம்.

வேலை இதுதான்: எக்செல் வருகைப் பதிவுத் தாளில் C2 முதல் C31 வரையுள்ள அறைகளில் 'வந்தார்', 'விடுப்பு', 'வெளிப்பணி' என்ற மூன்றில் ஒன்றை மட்டுமே தேர்ந்தெடுக்கும்படி கீழ்விரி பட்டியல் அமைக்க வேண்டும். மூன்று நிமிடத்துக்குள் முடிகிற பாடம். பதிவுக்கு ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற இலவச மென்பொருளை எடுத்துக்கொள்வோம்.

திரையை முதலில் சரிசெய்யுங்கள்

உங்கள் பாடத்தைப் பலரும் கைப்பேசியில்தான் பார்ப்பார்கள். ஆகவே எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். எக்செலின் கீழ் வலது மூலையில் உள்ள அளவுகோலை நகர்த்தித் தாளை 150 சதவீதத்துக்குக் கொண்டுவாருங்கள். விண்டோஸ் திரை அளவையும் 125 சதவீதத்துக்கு உயர்த்தலாம். அதற்குமேல் உயர்த்தும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேல்பட்டையில் இடம் குறைந்தால் எக்செல் சில பொத்தான்களின் பெயரை மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் காட்டும். நீங்கள் "Data Validation" என்று சொல்லும்போது திரையில் அந்தப் பெயர் இல்லையென்றால் பார்ப்பவர் தேடிக்கொண்டிருப்பார். பெயர் தெரிகிறதா என்று பார்த்துவிட்டே அளவை முடிவு செய்யுங்கள்.

ஓபிஎஸ்ஸில் Window Capture என்பதைவிட Display Capture என்பதைத் தேர்ந்தெடுங்கள். முதலாவது குறிப்பிட்ட ஒரு சன்னலை மட்டும் பிடிக்கும். Data Validation பெட்டி தனிச் சன்னலாகத் திறப்பதால் அது பதிவாகாமல் போகலாம். நீங்கள் அந்தப் பெட்டியைப் பற்றி விளக்கிக்கொண்டிருக்க, வீடியோவில் வெறும் தாள் மட்டும் தெரியும். Display Capture முழுத் திரையையும் பிடிக்கும் என்பதால், பதிவுக்கு முன் அறிவிப்புகளையும் மின்னஞ்சலையும் மூடிவிடுங்கள். அதன் அமைப்பில் Capture Cursor என்ற கட்டம் டிக் ஆகியிருக்க வேண்டும்.

எழுத்து மங்கலாகப் பதிவானால் Settings பகுதியில் Output என்பதைத் திறந்து பாருங்கள். Recording Quality என்ற இடத்தில் Same as stream என்றிருந்தால், நேரலைக்கான குறைந்த தரத்திலேயே பதிவாகிறது என்று பொருள். அதை High Quality என்று தொடங்கும் தேர்வுக்கு மாற்றினால் எழுத்தின் ஓரங்கள் தெளிவாகும். நொடிக்கு 30 பிரேம் இந்த வகைப் பாடத்துக்குப் போதும்.

கர்சருக்கு ஒரு வீடு

பலரும் பேசும்போது தம்மையறியாமல் மவுஸை ஆட்டிக்கொண்டே இருப்பார்கள். ஒரு பொத்தானைச் சுற்றி வட்டம் போடுவார்கள், படிக்கும் வரிக்கு மேலேயே கர்சரை வைத்து எழுத்தை மறைப்பார்கள். பார்ப்பவரின் கண் அசைவதைத்தான் துரத்தும். காரணமில்லாத அசைவு ஒவ்வொன்றும் அவரைத் தவறான இடத்துக்கு அழைத்துப்போகிறது.

இதற்கு நல்ல வழி, கர்சருக்கு ஒரு வீட்டை ஒதுக்குவது. நம் பாடத்தில் H10 என்ற வெற்று அறையை வீடாக வைத்துக்கொள்ளலாம். அங்கே எதையும் அது மறைக்காது. ஒவ்வொரு படியும் அங்கிருந்து தொடங்கி, முடிந்ததும் அங்கேயே திரும்பட்டும். விளக்கம் மட்டும் சொல்கிற நேரத்தில் மவுஸிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். பெட்டி திறந்திருக்கும்போது அதற்கு வெளியே, சற்றுத் தள்ளி நிறுத்துங்கள்.

நகர்த்தும்போது நேர்கோட்டில், ஒரே வேகத்தில் போங்கள். போகிற வழியில் வேறு பொத்தான்கள் மேல் தயங்கினால் அவற்றின் குறிப்புப் பெட்டிகள் குதித்து எழும். இலக்கை அடைந்ததும் ஒரு நொடி நின்று, பிறகு கிளிக் செய்யுங்கள். வந்த வேகத்திலேயே கிளிக் செய்தால் எதைத் தொட்டீர்கள் என்று தெரிவதற்குள் திரை மாறிவிடும்.

நம் பாடத்திலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. எக்செலில் Data Validation பொத்தானுக்கு இரண்டு பாகம். படத்தின் மீது கிளிக் செய்தால் நேராகப் பெட்டி திறக்கும். சிறிய அம்புக்குறியில் கிளிக் செய்தால் இன்னொரு பட்டியல் விரியும். கர்சர் ஒரு நொடி நிற்காவிட்டால், நீங்கள் எந்தப் பாகத்தைத் தொட்டீர்கள் என்பது பார்ப்பவருக்குத் தெரியாது. அவர் அம்புக்குறியைத் தொட்டுவிட்டு, "வீடியோவில் வந்தது எனக்கு வரவில்லை" என்பார்.

கர்சர் எக்செல் அறைகளின் மேல் போகும்போது வெள்ளைக் கூட்டல் குறியாக மாறும். வெள்ளைத் தாளில் அது எளிதில் கண்ணில் படாது. மைக்ரோசாஃப்டின் இலவச பவர்டாய்ஸ் தொகுப்பில் Mouse Highlighter என்ற வசதி இருக்கிறது. கிளிக் செய்கிற இடத்தில் அது வண்ண வட்டம் காட்டும். அது இல்லாவிட்டாலும் விண்டோஸின் Accessibility அமைப்பில் கர்சரின் அளவையும் நிறத்தையும் மாற்றலாம். இரண்டு மடங்கு பெரிதானால் போதும். அதற்குமேல் போனால் கர்சரே பொத்தானின் பெயரை மூடிவிடும்.

குரல் முன்னே, விரல் பின்னே

தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருவது இந்த வேலைக்கு மிகவும் வசதி. முதலில் இடம், பிறகு பெயர், கடைசியில் செயல் என்ற வரிசை இயல்பாகவே அமைந்துவிடுகிறது. அந்த வரிசையில் கையையும் நடத்துங்கள். C2 முதல் C31 வரை தேர்ந்தெடுத்து, Data டேப்பையும் திறந்த பிறகு வரும் படியை நெருக்கமாகப் பார்ப்போம்:

- "மேலே Data டேப்ல…" என்று சொல்லும்போது கர்சர் H10-லிருந்து கிளம்புகிறது.
- "…Data Tools குரூப்ல இருக்கிற Data Validation படத்தை…" என்னும்போது அதன் மேல் வந்து நிற்கிறது.
- "…கிளிக் பண்ணுங்க." வாக்கியம் முடிந்த பிறகு விரல் அழுத்துகிறது.
- பெட்டி திறக்கிறது. இரண்டு நொடி குரலும் இல்லை, அசைவும் இல்லை.

கடைசி வரியில் உள்ள மௌனம்தான் பலருக்கும் கடினம். உங்களுக்கு அந்தப் பெட்டி பழக்கமானது. பார்ப்பவர் அதை முதல் முறை பார்க்கிறார். அவர் கண்ணை ஓட்டி முடிக்க அந்த இரண்டு நொடி வேண்டும். பிறகு அடுத்த வாக்கியம்: "Allow-ங்கிற இடத்துல List தேர்ந்தெடுங்க." அதற்கடுத்து Source பெட்டியில் தட்டச்சு செய்ய வேண்டியது:

```
வந்தார்,விடுப்பு,வெளிப்பணி
```

தட்டச்சு செய்யும்போது பேச வேண்டாம். அடித்து முடித்து, "ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவுல ஒரு காற்புள்ளி இருக்கணும்" என்று சொல்லி OK அழுத்துங்கள். பிறகு C2 அறையில் வேண்டுமென்றே 'லீவு' என்று அடித்துக் காட்டுங்கள். எக்செல் ஏற்காமல் எச்சரிக்கைப் பெட்டி காட்டும். பட்டியல் வேலை செய்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

இந்த வாக்கியங்களைப் பதிவுக்கு முன்பே எழுதிவையுங்கள், ஒரு படிக்கு ஒரு வாக்கியம் என்ற கணக்கில். நீங்கள் பேசுகிற தமிழிலேயே எழுதுங்கள். எழுத்துத் தமிழை வாசித்தால் குரல் இறுகி வேகமெடுக்கும். "இங்கே", "இதை" என்ற சொற்களைக் குறைத்துப் பெயரைச் சொல்லுங்கள்.

குரலும் கையும் ஒரே நேரத்தில் வரவில்லையென்றால் குரலை மட்டும் முதலில் பதிவு செய்யுங்கள். அதை ஹெட்போனில் கேட்டபடி திரையைப் பதிவு செய்தால் கை தானாகக் குரலைத் தொடரும். பிறகு இரண்டையும் எடிட்டிங்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், மூச்சுக்காற்று நேராகப் படாமல் சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். மடிக்கணினியின் உள் மைக் தட்டச்சு ஓசையையும் விசிறிச் சத்தத்தையும் சேர்த்து வாங்கும். சாதாரண ஹெட்செட் மைக்கே அதைவிட மேல். மின்விசிறியை அணைத்துவிடுங்கள். ஓபிஎஸ்ஸின் Audio Mixer பட்டையில் நீங்கள் வழக்கமாகப் பேசும் குரல் மஞ்சள் பகுதியைத் தொட்டு நிற்க வேண்டும். சிவப்புக்குப் போனால் ஒலி உடையும் அபாயம் உண்டு. அதைப் பிறகு சீராக்குவது கடினம். பச்சையிலேயே இருந்தால் ஒலியைக் கூட்டும்போது இரைச்சலும் கூடும்.

தடுமாறினால்

பதிவை நிறுத்தாதீர்கள். ஒருமுறை கை தட்டுங்கள். ஒலி அலையில் அது கூர்மையாகத் தெரிவதால் எடிட்டிங்கில் இடத்தைக் கண்டுபிடிப்பது எளிது. பெட்டி திறந்திருந்தால் Cancel கொடுத்துத் திரையை அந்தப் படியின் தொடக்க நிலைக்குக் கொண்டுவாருங்கள். கர்சரை H10-க்குக் கொண்டுபோய், இரண்டு நொடி பொறுத்து, வாக்கியத்தை முதலிலிருந்து சொல்லுங்கள். நடுச்சொல்லிலிருந்து தொடர்ந்தால் குரலின் ஏற்ற இறக்கம் ஒட்டாது. கர்சர் இரண்டு முறையும் வீட்டிலேயே நிற்பதால் வெட்டி ஒட்டிய இடத்தில் அது குதிக்காது.

அனுப்புவதற்கு முன் இரண்டு சோதனை

முடித்ததைக் கைப்பேசியில் இருமுறை பாருங்கள். முதல் முறை ஒலியை நிறுத்திவிட்டு. எதைக் கிளிக் செய்தீர்கள் என்று எந்த இடத்திலாவது தெரியவில்லையென்றால் அங்கே கர்சர் போதிய நேரம் நிற்கவில்லை. இரண்டாம் முறை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். எந்த டேப், எந்தப் பெட்டி என்று குரலை வைத்தே சொல்ல முடியாவிட்டால் அங்கே பெயரை விட்டுவிட்டீர்கள். பழுது தெரிந்த படியை மட்டும் மீண்டும் பதிவு செய்யுங்கள்.

எக்செல் புதிய பதிப்பில் ஒரு பொத்தான் இடம் மாறினாலும் இதே வழிதான். மற்ற படிகளை அப்படியே வைத்துக்கொண்டு, மாறிய படியை H10-லிருந்து தொடங்கி H10-லேயே முடித்துப் பதிவு செய்து நடுவில் செருகிவிடலாம். அதற்காகவே எழுதிவைத்த வாக்கியங்களையும் வெட்டாத மூலப் பதிவையும் பாடத்தோடு ஒரே கோப்புறையில் சேமித்துவையுங்கள்.