தும்மலை அடக்காதே

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மூன்று நாளாக உன் மனைவி முகம் கொடுத்துப் பேசவில்லை, என்ன கோபமென்றே பிடிபடவில்லை என்று எழுதியிருந்தாய். மல்லிகைப்பூ வாங்கிக் கொடுத்தாயாம், அவள் அம்மா வீட்டுக்குப் போய்வரலாமா என்றாயாம், ஒன்றும் எடுபடவில்லையாம்.

எடுபடாது. திருக்குறளில் 132ஆம் அதிகாரத்தை எடுத்துப் பார். கணவன் தும்முகிறான். வாழ்த்திய மனைவியே, எவள் நினைத்துத் தும்மினாய் என்று அழுகிறாள். அடுத்த தும்மலை அவன் அடக்குகிறான். உன்னை நினைப்பவளை என்னிடம் மறைக்கிறாயா என்று அதற்கும் அழுகிறாள். சமாதானம் செய்தால், மற்றவளிடமும் இப்படித்தானே நடப்பாய் என்கிறாள். வள்ளுவர் விளையாட்டாகத்தான் சொல்கிறார். ஆனால் அந்த அதிகாரம் முழுக்க அவன், உனக்கு என்ன வருத்தம் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

நானும் கேட்காதவன்தான். செல்லூரில் குடியிருந்தபோது ஒரு சித்திரைத் திருவிழாவின்போது உன் அத்தை பேச்சை நிறுத்தினாள். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கக் கூட்டிப்போகாததுதான் காரணமென்று நினைத்துக்கொண்டு, வண்டியூருக்குக் கூப்பிட்டேன். வரவில்லை. குழம்பைக் குறை சொன்னதோ என்று, அடுத்த வேளை குழம்பைப் புகழ்ந்தேன். தட்டை வைத்துவிட்டு எழுந்துபோனாள். ஐந்தாம் நாள்தான் தெரிந்தது: வீட்டுக்கு வந்த நண்பன் முன்னால், "இவளுக்கு என்ன தெரியும்" என்று சொல்லியிருக்கிறேன். எனக்கு அது நினைவிலேயே இல்லை. நான் பூவும் புகழுமாகக் கொண்டுபோனபோதெல்லாம், செய்தது இன்னும் இவனுக்கு உறைக்கவில்லையே என்றுதான் அவளுக்குப் பட்டிருக்கிறது.

நீ இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும், கண்ணால் பார்த்ததை மட்டும் சொல். "ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நீ பேசல. நான் என்ன செஞ்சேன்னு எனக்குத் தெரியல. ஊகிச்சு ஊகிச்சுத் தப்பாப் போகுது. இப்பச் சொல்ல முடியலன்னா நாளைக்குச் சொல்லு." அத்தோடு நிறுத்து. "ஒண்ணுமில்ல" என்பாள். சரி என்று எழுந்து போ; பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை "என்னாச்சு" என்று நச்சரிக்காதே. தண்ணி பிடிப்பது, கடைக்குப் போவது எல்லாம் வழக்கம்போல நடக்கட்டும். உன் அம்மாவைத் தூது விடாதே, அப்புறம் அது ரெண்டு குடும்பச் சண்டையாகிவிடும். மறுநாள் சொன்னதைச் சொன்னபடி நீயே மறுபடி கேள். அவள் வாய் திறந்ததும் உனக்கு நியாயம் பேசத் தோன்றும். அவள் முடிக்கிற வரைக்கும் பொறு.

வாரக்கணக்கில் பேசாமலிருந்து, நீ பணிந்தால்தான் பேச்சு என்று ஆனால் அது ஊடல் இல்லை, மிரட்டல். அப்போது கேட்டதையெல்லாம் கொடுத்துப் பேச்சை வாங்காதே. இருவரும் மதிக்கிற ஒருவரை நடுவில் வைத்துப் பேசு.

அவள் சொன்ன காரணத்தை எனக்கு எழுதவேண்டாம்.

உன் மாமா