மாதம் 20 சதவீதமா? ஒரு காகிதம் எடு

அன்புள்ள ரம்யா,

உன் தோழி சொன்ன திட்டத்தில் பணம் போடுமுன் இதைப் படித்துவிடு.

நான் இருக்கும் இந்த டில்லியில் 2010-11 வாக்கில் ஸ்டாக் குரு என்றொரு நிறுவனம் நடந்தது. ஆறு மாதம், மாதம் 20 சதவீதம் தருவோம். பிறகு முதலையும் திருப்புவோம் என்றார்கள். நடத்திய தம்பதி 2012இல் பிடிபட்டார்கள்.

கணக்கைப் போட்டுப் பார். நூறு பேர் ஆளுக்கு 10,000 ரூபாய் போட்டால் கையில் 10 லட்சம். அதை எங்கும் முதலீடு செய்யாமல் மாதம் 2 லட்சம் கொடுத்து வந்தால் ஐந்தாம் மாதமே பெட்டி காலி. ஆறாம் மாதத் தவணையும் முதலும் சேர்ந்து 12 லட்சம் பாக்கி. அதற்குப் புதிதாக 120 பேர் வேண்டும். அவர்களுக்குக் கொடுக்கப் பெட்டியில் பைசா இருக்காது. ஆனால் முதல் ஐந்து மாதம் பணம் ஒழுங்காக வரும் பார், அதனால்தான் "எனக்கு வந்ததே" என்று உன் தோழி சத்தியம் செய்கிறாள்.

வங்கி வட்டி குறைவுதான். அங்கே 5 லட்சம் வரை காப்பீடு இருக்கிறது. வங்கி வட்டிக்கு மேல் கிடைக்கும் வருமானம், முதலே போனாலும் போகட்டும் என்று நீ ஒப்புக்கொள்வதற்கான கூலி.

திட்டம் நடத்துபவர்களிடம் செபி பதிவு எண்ணைக் கேள். அவர்கள் அனுப்பும் சான்றிதழ் படத்தை நம்பாமல், செபி தளத்தில் நீயே தேடு. டெபாசிட் என்றால் sachet.rbi.org.in தளத்தில் பார். பதிவு இருந்தாலும் லாபத்துக்கு உத்தரவாதம் கிடையாது.



அன்புடன்,
மாமா