மணலும் சாலையும்

நுழையும்முன்

கடலூர்த் தேவனாம்பட்டினத்தின் வெள்ளிக் கடற்கரையில் விடியற்காலையில் இளைஞர் பலர் ஓடுவதைக் காணலாம். அவர்களுள் சிலர் காவலர் தேர்வுக்கு ஆயத்தமாகுபவர்கள். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில், ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடங்களுக்குள் ஓடி முடிக்க வேண்டும். ஒரு நொடி தாமதித்தாலும் பல மாத உழைப்பு வீணாகிவிடும். "மணலில் ஓடிப் பழகினால் தரையில் பறக்கலாம்" என்று அவர்களுள் பலர் நம்புகின்றனர். இந்நம்பிக்கை எவ்வளவு உண்மை, எங்கே பிழைபடுகிறது என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

மணல் திருப்பித் தராத ஆற்றல்

ஓடும்போது கால் ஒரு வில்லைப்போல இயங்குகிறது. பாதம் தரையில் ஊன்றும்போது கெண்டைக்காலையும் குதிகாலையும் இணைக்கும் நாண் இழுபட்டு ஆற்றலைச் சேமிக்கிறது. பாதம் தரையை விட்டு எழும்போது அந்நாண் சுருங்கி, சேமித்த ஆற்றலின் பெரும்பகுதியை அடுத்த அடிக்குத் திருப்பித் தருகிறது. தார்ச்சாலை நெகிழாது. ஆதலால், நாண் தரும் உந்துதல் முழுவதும் உடலை முன்னே செலுத்தப் பயன்படுகிறது.

உலர்ந்த மணலின் இயல்பு வேறு. பாதம் ஊன்றியவுடன் மணல் துகள்கள் விலகிக் கீழே அமிழ்கின்றன. உந்தி எழும்போது அவை பின்னோக்கிச் சரிகின்றன. மணலை நகர்த்தச் செலவான ஆற்றல் ஓடுபவருக்குத் திரும்பி வருவதில்லை. இழந்ததைத் தசைகளே ஈடுசெய்ய வேண்டியுள்ளது. பெல்ஜியம் நாட்டு ஆய்வாளர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வின்படி, மணலில் ஓடுவதற்குக் கெட்டித் தரையில் ஓடுவதைப்போல் ஏறத்தாழ 1.6 மடங்கு ஆற்றல் தேவைப்படுகிறது.

அலை நனைத்த மணலுக்கு இவ்விதி அப்படியே பொருந்தாது. துகள்களுக்கு இடையேயுள்ள நீர் அவற்றை இறுகப் பிணைக்கிறது. அதனால் ஈரமணல் கெட்டித் தரையைப் பெரிதும் ஒத்திருக்கும். ஒரே கடற்கரையில் பத்து அடி தள்ளி ஓடினாலும் உழைப்பு மாறிவிடுவது இதனால்தான். புல்தரை இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. அது சிறிது நெகிழும். ஆனால், மணலைப்போல் சரியாது.

ஒரு கணக்கு

மாணவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் கெட்டித் தரையில் 1500 மீட்டரைச் சரியாக 7 நிமிடங்களில் ஓடக்கூடியவர். அதாவது, 100 மீட்டருக்கு 28 நொடிகள். அவர் அதே உழைப்பை உலர்ந்த மணலில் செலுத்தினால் எவ்வளவு தொலைவு செல்வார்? 1500ஐ 1.6ஆல் வகுத்தால் ஏறத்தாழ 940 மீட்டர் வருகிறது. 1500 மீட்டரையும் மணலிலேயே முடிக்க அவருக்கு 11 நிமிடங்களுக்கு மேல் ஆகும். மணலின் தன்மைக்கேற்ப இக்கணக்குச் சற்றுக் கூடலாம், குறையலாம்.

இதை அறியாதவர் இருவகையில் தவறுகிறார். முதலாமவர், மணலிலும் 7 நிமிடங்களில் முடிக்க முயல்கிறார். தம் ஆற்றலுக்கு மீறி உழைத்து, சில நாள்களிலேயே கெண்டைக்கால் பிடிப்புக்கு ஆளாகிறார். இரண்டாமவர், மணலில் மட்டுமே மூன்று மாதங்கள் பழகிவிட்டுத் தேர்வுத் திடலுக்கு வருகிறார். கெட்டித் தரையில் கால்கள் இலேசாகத் தோன்றவே, 400 மீட்டர் கொண்ட முதல் சுற்றை ஒன்றரை நிமிடத்தில் முடித்துவிடுகிறார். அவர் ஓடியிருக்க வேண்டிய நேரம் 1 நிமிடம் 52 நொடிகள். தொடக்கத்தில் மிச்சமானதாகத் தோன்றிய 22 நொடிகளை மூன்றாம் சுற்றில் மூச்சிரைத்து இழக்கிறார். மணல் அவருக்கு வலிமையைத் தந்தது. வேகத்தைக் கணிக்கும் பழக்கத்தைத் தரவில்லை.

எனவே, மணலில் ஓடும்போது தொலைவை அளவாகக் கொள்ளாமல் நேரத்தையே அளவாகக் கொள்ள வேண்டும். "இரண்டு கிலோமீட்டர் ஓடுவேன்" என்பதைவிட "பன்னிரண்டு நிமிடங்கள் ஓடுவேன்" என்பதே பொருத்தமானது. வேகப் பயிற்சியைத் தேர்வு நடக்கும் தரையை ஒத்த தரையில்தான் செய்ய வேண்டும். 400 மீட்டரில் 1.52, 800இல் 3.44, 1200இல் 5.36 என்னும் நேரங்கள் கடிகாரத்தைப் பாராமலே உடலுக்குப் பழகியிருக்க வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

ஆஸ்திரேலிய வீரர் ஹெர்ப் எலியட், பெர்சி செருட்டி என்னும் பயிற்சியாளரிடம் போர்ட்சி கடற்கரையின் மணல்மேடுகளில் ஏறி ஓடிப் பழகியவர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் 1500 மீட்டரை 3 நிமிடம் 35.6 நொடிகளில் ஓடித் தங்கம் வென்று, உலகச் சாதனையும் படைத்தார்.

காயம் எங்கே தோன்றும்?

மென்மையான தரை காயம் தராது என்பது பொதுவான எண்ணம். ஆனால், ஒவ்வொரு தரையும் உடலின் வெவ்வேறு பகுதியைச் சோதிக்கிறது. தார்ச்சாலையில் ஒவ்வோர் அடியும் ஒன்றுபோலவே விழுவதால், அதே எலும்பும் அதே மூட்டும் ஆயிரக்கணக்கான முறை ஒரே வகைத் தாக்கத்தை ஏற்கின்றன. முழங்காலுக்குக் கீழே, எலும்பின் உள்விளிம்பில் நீளவாக்கில் வலி தோன்றினால், அது மிகையான ஓட்டத்தின் அறிகுறி. சில நாள்கள் ஓட்டத்தைக் குறைத்தால் அது தணியும். ஒரு விரல்நுனியால் சுட்டக்கூடிய ஓரிடத்தில் மட்டும் வலி இருந்து, ஓய்விலும் இரவிலும் நீடித்தால், எலும்பில் நுண்ணிய விரிசல் இருக்கலாம். உடனே ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரை நாட வேண்டும். இத்தகைய விரிசல் தொடக்கத்தில் எக்ஸ்ரே படத்தில் தெரியாமலும் போகலாம்.

மணலில் குதிகால் ஆழ அமிழ்வதால் குதிகால் நாண் மிகுதியாக இழுபடுகிறது. காலையில் எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் குதிகாலின் பின்புறம் விறைத்து வலிப்பது அதன் முதல் எச்சரிக்கை. கணுக்கால் பிசகுவதும் மணலில் எளிது. ஈரமணல் கெட்டியாக இருந்தாலும் கடலை நோக்கிச் சரிந்திருக்கும். ஒரே திசையில் ஓடினால் கடல்பக்கக் கால் எப்போதும் தாழ்ந்தே இருக்கும்; இடுப்பும் முழங்காலும் ஒருபக்கமாகச் சுமை தாங்கும். ஆகவே, சென்ற வழியே திரும்பி ஓடிச் சமன்செய்ய வேண்டும். சிதம்பரம் நகர மாணவருக்குக் கடற்கரையைவிடப் புல்தரைத் திடலே எளிதில் கிடைக்கும். அங்கே புல் மறைத்த குழிகளும் பனி நனைத்த வழுக்கலுமே பகை. ஓடும் முன் ஒருமுறை நடந்து பார்த்தல் நன்று.

உடலுக்கும் ஒரு திறன் உண்டு. தரை மென்மையாக இருந்தால் கால் தன்னை விறைப்பாக்கிக்கொள்கிறது. கெட்டியாக இருந்தால் சற்று மிகுதியாக மடங்கிக்கொடுக்கிறது. தார்ச்சாலையின் தாக்கம் நாம் அஞ்சும் அளவுக்கு உடலை வந்தடையாததற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால், தசைகளும் நாண்களும் புதிய சுமைக்கேற்ப வலுப்பெறப் பல வாரங்கள் ஆகும். பெரும்பாலும் காயத்தை விளைவிப்பது தரையன்று. தரையைத் திடீரென மாற்றுவதே.

ஆதலால், மணலுக்குப் புதியவர் முதல் வாரத்தில் இரண்டு நாள்கள் மட்டும் ஐந்து நிமிடங்கள் ஓடலாம். பின்னர் வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடங்களாகக் கூட்டலாம். மற்ற நாள்களில் கெட்டித் தரையையும் புல்தரையையும் பயன்படுத்தலாம். தேர்வுக்கு மூன்று வாரங்கள் இருக்கும்போது மணலைக் குறைத்துக்கொண்டு, தேர்வுத் தரையை ஒத்த இடத்திற்கு மாறிவிட வேண்டும். வெள்ளிக் கடற்கரை கால்களுக்கு வலிமை தரும். 7 நிமிடக் கணக்கைக் கற்றுத்தருவது கெட்டித் தரையே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளித் திடலிலும் ஒரு மணற்பரப்பிலும் ஒரே அளவு உழைப்புடன் மூன்று நிமிடங்கள் ஓடி, கடந்த தொலைவுகளை ஒப்பிடுக.
2. 1500 மீட்டரை 6 நிமிடம் 45 நொடிகளில் முடிக்க, ஒவ்வொரு 400 மீட்டருக்கும் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளலாம்? கணக்கிடுக.
3. "காயத்தை விளைவிப்பது தரையன்று, தரையைத் திடீரென மாற்றுவதே" – பாடக்கருத்துகளைக் கொண்டு விளக்குக.