வெயிட்டிங் பீரியட் எங்கிருந்து வந்தது?

கேள்வி: டிசம்பர் வந்தால் போதும், ஏஜென்ட் விடாமல் கூப்பிடுகிறார். "ஹெல்த் இன்சூரன்ஸ் ரினியூவல் தேதி தாண்டிராதீங்க, வெயிட்டிங் பீரியட் மறுபடி முதல்லயிருந்து ஓடும், போனஸும் போயிரும்" என்கிறார். பணம் கட்டுபவனைக் காக்க வைக்கும் வழக்கத்தை யார் கொண்டுவந்தது? இந்த போனஸ் எங்கிருந்து வந்தது? மூன்று வருடமாகக் கட்டியும் ஒரு ரூபாய் கிளைம் வாங்கவில்லை. இந்த வருடம் விட்டுவிட்டால் என்ன?
– வாசகர், கணபதி, கோவை

பதில்: உங்கள் ஊரிலேயே இரண்டு விதமான காப்பீடும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. கணபதியில் பவுண்டரியிலோ லேத் பட்டறையிலோ இ.எஸ்.ஐ. பிடித்தத்தோடு வேலை பார்ப்பவருக்கு, காப்பீட்டுக்குள் வந்த நாளிலிருந்தே வைத்தியம் உண்டு. "உனக்கு சுகர் எத்தனை வருடமாக இருக்கிறது?" என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அதே தெருவில் சொந்தமாகப் பட்டறை வைத்திருப்பவர் தனியார் பாலிசி எடுத்தால், அதே சுகருக்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வேண்டும். இ.எஸ்.ஐ.யில் சேர்வது சட்டம். சம்பள வரம்புக்குள் வருகிற எல்லாரும், நோயாளியும் நோயில்லாதவரும், சேர்ந்தே வருகிறார்கள். தனியார் பாலிசியை வேண்டியவர் வேண்டிய நாளில் எடுக்கலாம். உடம்பில் ஏதோ சரியில்லை என்று தோன்றும் நாளில்தான் பலருக்கு அந்த எண்ணமும் வருகிறது. தன் உடம்பைப் பற்றி அவருக்குத் தெரிவது கம்பெனிக்குத் தெரியாது. ஆபரேஷனுக்கு முந்தின வாரம் சேர்ந்து, டிஸ்சார்ஜ் ஆனதும் விலகிக்கொள்ளலாம் என்றால் பிரீமியம் ஏறும். ஏறினால் ஆரோக்கியமானவர்கள் விலகுவார்கள், மேலும் ஏறும். ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970இல் பழைய கார் சந்தையை வைத்து எழுதிய கட்டுரை இதே கணக்கைத்தான் விளக்கியது. அதில் முதியவர்களின் மருத்துவக் காப்பீட்டையும் அவர் உதாரணம் காட்டியிருந்தார். ஆனால் பொருளாதாரம் அதற்குப் பெயர் வைக்கும் முன்பே, 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் தொழிலாளர் உதவிச் சங்கங்கள் வழியைக் கண்டுபிடித்திருந்தன. சேர்ந்து குறிப்பிட்ட காலம் சந்தா கட்டிய பிறகே நோய்க்கால உதவி கிடைக்கும். ஆக, காத்திருக்கும் காலம் என்பது விருப்பப்பட்டு உள்ளே வரும் உரிமைக்குக் கொடுக்கும் விலை.

இந்தியாவில் இது 1986இல் நான்கு அரசுப் பொதுக்காப்பீட்டு நிறுவனங்கள் கொண்டுவந்த மெடிகிளைம் பாலிசியோடு பரவியது. பாலிசி எடுக்கும்போதே இருந்த நோய்க்கு அப்போது இடமே கிடையாது. பிறகு அது நான்கு வருடக் காத்திருப்பாகத் தளர்ந்து, 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணைய விதிகளில் 36 மாதம்தான் உச்சவரம்பு என்றானது. இன்று மூன்று காத்திருப்புகள் சேர்ந்தே ஓடுகின்றன. விபத்து தவிர எதற்கும் முதல் 30 நாள் கிளைம் கிடையாது. கண்புரை, குடலிறக்கம், பித்தப்பைக் கல், மூலம் போல மெதுவாக வளர்ந்து, ஆபரேஷனைத் தள்ளிப்போட முடிகிற நோய்களுக்குப் பெரும்பாலும் இரண்டு வருடம். பாலிசிக்கு முந்தைய 36 மாதத்துக்குள் டாக்டர் கண்டறிந்த அல்லது மருந்து எழுதிய சுகர், பிரஷர் போன்றவற்றுக்கு அதிகபட்சம் மூன்று வருடம்.

இப்போது உங்கள் கேள்வியின் கடைசி வரிக்கு வருவோம். பாலிசி 2022 டிசம்பர் 28இல் தொடங்கியது, சுகர் இருப்பதைப் படிவத்தில் எழுதினீர்கள், காத்திருப்பு 36 மாதம் என்று வைத்துக்கொள்வோம். 2025 டிசம்பர் 27 நள்ளிரவோடு காத்திருப்பு முடிகிறது. பாலிசியும் அன்றே முடிகிறது. அதாவது சுகர் சம்பந்தப்பட்ட செலவுக்குப் பணம் கொடுக்க மறுக்கும் உரிமையை கம்பெனி இழக்கிற அதே நாளில், "எதுவும் வாங்கவில்லையே" என்று நீங்கள் வெளியே போகப் பார்க்கிறீர்கள். இதைவிட நல்ல வாடிக்கையாளர் கம்பெனிக்குக் கிடைக்கமாட்டார்! ஜனவரி 10இல் கட்டினால் 30 நாள் சலுகைக் காலத்துக்குள் வருவதால் மூன்று வருடமும் கணக்கில் நிற்கும். ஆனால் வருடப் பிரீமியம் கட்டுபவருக்கு நடுவில் விட்ட நாட்களில் பாதுகாப்பு இல்லை. ஜனவரி 3இல் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தால் அந்த பில் உங்களுடையது. பிப்ரவரி 5இல் போனால் அது புதுப் பாலிசி, 36 மாதமும் மறுபடி ஒன்றிலிருந்து. வண்டி இன்சூரன்ஸில் போனஸைக் காப்பாற்ற 90 நாள் அவகாசம் உண்டு. அந்தப் பழக்கத்தில் இங்கேயும் இருந்துவிடுகிறவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள்.

போனஸின் பூர்வீகமும் அந்த வண்டிதான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனின் மோட்டார் காப்பீட்டில் பரவிய வழக்கம் அது. சில்லறைச் சிராய்ப்புக்கெல்லாம் கிளைம் வராமலிருக்கவும், விபத்தில்லாதவர் வேறு கம்பெனிக்குப் போகாமலிருக்கவும் தள்ளுபடி கொடுத்தார்கள். நோயை ஓட்டுநரின் கவனத்தோடு ஒப்பிட முடியாது, அதனால் இது மருத்துவத்துக்குச் சரியாகப் பொருந்துவதில்லை என்பது என் கருத்து. ஆரோக்கியமானவரை உள்ளேயே வைத்திருக்கும் வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்கிறது. ஒன்றைத் தெளிவாகப் பிரித்துப் பாருங்கள். வண்டியில் ஒரு கிளைம் வாங்கினால் போனஸ் சுத்தமாகப் போய்விடும். மருத்துவப் பாலிசி பலவற்றில் ஒரு படிதான் இறங்கும். எல்லா கம்பெனிகளும் விற்கும் பொதுப் பாலிசியான ஆரோக்ய சஞ்சீவனியில், கிளைம் இல்லாத ஒவ்வொரு வருடத்துக்கும் காப்பீட்டுத் தொகை 5 சதவீதம் கூடும், உச்சம் 50. 5 லட்சம் மூன்று வருடத்தில் 5,75,000 ஆகும். இது ரொக்கமல்ல, எல்.ஐ.சி. போனஸ் போலக் கைக்கு வராது. அடுத்த வருடம் பித்தப்பைக் கல் ஆபரேஷனுக்கு 60,000 ரூபாய் வாங்கினால், அதற்கடுத்த வருடம் தொகை 5,50,000 ஆக இறங்கும். போனது 25,000 ரூபாய்க்கான பாதுகாப்பு மட்டும். அதைக் காப்பாற்ற 60,000 ரூபாயைச் சொந்தப் பையிலிருந்து கொடுப்பது கணக்குக்கு உதவாது. போனஸைத் தொகை உயர்வாக எடுக்காமல் பிரீமியத் தள்ளுபடியாக எடுத்திருந்தால் மட்டும், எவ்வளவு தள்ளுபடி போகும் என்று பார்த்து முடிவெடுக்கலாம்.

"காக்க வைத்துவிட்டு, கடைசியில் பழைய நோய் என்று சொல்லி கிளைமை மறுக்கிறார்களே" என்பீர்கள். நியாயமான சந்தேகம். அதற்குத்தான் 60 மாதம் தொடர்ந்து கட்டியபிறகு, மோசடியைத் தவிர வேறு காரணத்துக்காக, மறைத்தார், தவறாகச் சொன்னார் என்று கேள்வி எழுப்பக்கூடாது என்ற விதி இருக்கிறது. முன்பு அது எட்டு வருடமாக இருந்தது. முன் வருடங்களில் கிளைம் வாங்கினார் என்பதற்காகப் புதுப்பிக்க மறுக்கவும் கூடாது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியாவுக்கு எதிராக பிமன் கிருஷ்ண போஸ் நடத்திய வழக்கில், புதுப்பித்தல் என்பது பழைய பாலிசியே அதே நிபந்தனைகளோடு தொடர்வது என்று 2001இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கம்பெனி பிடிக்கவில்லை என்றாலும் பாலிசியை விட வேண்டியதில்லை. 2011 முதல், கழிந்த காத்திருப்போடு வேறு கம்பெனிக்கு மாறலாம். ஆனால் புது கம்பெனி உடல்நிலையைப் பரிசீலித்துத்தான் சேர்க்கும், கடைசி வாரத்தில் போய்க் கேட்டால் நடக்காது.

ஏஜென்டுக்குப் புதுப்பித்தலிலும் கமிஷன் உண்டு, அதனால்தான் கூப்பிடுகிறார். அதற்காக அவர் சொல்வது பொய்யாகிவிடாது. அவர் சொல்லாமல் விடக்கூடியது ஒன்று உண்டு: இந்த முறை 5 லட்சத்தை 10 லட்சமாக உயர்த்தினால், கூடுதலான 5 லட்சத்துக்குக் காத்திருப்பு புதிதாகத் தொடங்கும். புதுப் பாலிசி கையில் வந்ததும் முதல் பக்க அட்டவணையில், முதன்முதலில் பாலிசி தொடங்கிய தேதி 2022 என்றே இருக்கிறதா என்று பாருங்கள். 2025 என்று மாறியிருந்தால், உங்கள் மூன்று வருடம் கணக்கில் ஏறவில்லை. உடனே எழுத்து மூலம் திருத்தக் கேளுங்கள்.