லாரியில் போகும் சரக்குக்கு மதிப்பு எழுதிக் காப்பீடு செய்வது எப்போது இலாபம்?

பார்சல் ஆபீசில் மூட்டையைப் போட்டு ரசீது வாங்கிவிட்டால், சரக்கு தொலைந்தாலும் லாரிக்காரர் முழு விலையையும் கொடுத்துவிடுவார் என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பழைய 1865-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2007-ஆம் ஆண்டின் சாலை வழி சரக்குப் போக்குவரத்துச் சட்டமும், அதன்கீழ் 2011-இல் வந்த விதிகளும் லாரி நிறுவனத்தின் பொறுப்புக்கு ஒரு வரம்பு கட்டியுள்ளன. செலுத்திய அல்லது செலுத்த வேண்டிய வாடகையைப் போல் பத்து மடங்குதான் அந்த வரம்பு. அதுவும் அனுப்பும் படிவத்தில் நாம் எழுதிய மதிப்பைத் தாண்டாது. இதற்கு மேல் வேண்டுமானால், சரக்கின் மதிப்பை எழுதிக் கொடுத்து, அதிகப் பொறுப்புக்கான கூடுதல் கட்டணத்தையும் கட்ட ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்தக் கூடுதல் கட்டணம் யாருக்குப் பயன்படும், யாருக்கு வீண் என்பதை இரண்டு சரக்குகளை வைத்துப் பார்ப்போம். கணக்குக்காக, எழுதிய மதிப்பில் நூற்றுக்கு 50 பைசா கட்டணம் என்று கொள்வோம். உண்மையான விகிதத்தை அவரவர் லாரி ஆபீசில் கேட்டுக்கொள்ளவும்.

போடியிலிருந்து ஒரு மூட்டை ஏலக்காய், 50 கிலோ, கிலோ 2,500 ரூபாய் என்றால் விலை 1,25,000 ரூபாய். வாடகை 200 ரூபாய் என்றால் பத்து மடங்கு 2,000 ரூபாய்தான். மூட்டை காணாமல் போனால் 1,23,000 ரூபாய் நம் தலையில் விழும். கூடுதல் கட்டணமோ 625 ரூபாய். ஏறக்குறைய இருநூறு தடவை அனுப்புவதில் ஒரு மூட்டை போனாலே கட்டிய பணத்துக்குச் சரியாகிவிடும். ஒரே மூட்டை, கையில் தூக்கிப் போகக்கூடியது, வாசனையே காட்டிக்கொடுக்கும் சரக்கு. இதற்குக் கட்டுவதுதான் புத்தி.

இப்போது அரிசி. 25 கிலோ சிப்பம் 40, ஒன்று 1,200 ரூபாய் வீதம் 48,000 ரூபாய். வாடகை 2,000 என்றால் பத்து மடங்கு 20,000. கூடுதல் கட்டணம் 240 ரூபாய். ஆனால் பாருங்கள், கட்டணம் முழு 48,000-க்கும் வாங்கப்படுகிறது. புதிதாக நமக்குக் கிடைக்கும் பாதுகாப்பு மீதி 28,000-க்குத்தான். அதோடு, அரிசி லோடு முழுவதும் மறைவது அபூர்வம். ஒன்றிரண்டு சிப்பம் குறையும், நனையும், கொக்கி பட்டுக் கிழியும். 2,400 ரூபாய் நட்டத்தைக் கடை தாங்கிக்கொள்ளும். வாரந்தோறும் 240 ரூபாய் கட்டினால் ஆண்டுக்கு 12,000 ரூபாய்க்கு மேல் போய்விடும். அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் ஒதுக்கி வைப்பதே மேல் என்பது எங்கள் கருத்து.

ஆக, எடைக்கு விலை மிகுந்த சரக்குக்கே மதிப்பு எழுதுவது தேவை. ஏலம், கிராம்பு, குங்குமப்பூ, முந்திரி ஆகியவை அந்த வகை. உப்பு, வெல்லம், தவிடு போன்றவற்றுக்கு வாடகையே விலையில் பெரும் பங்கு என்பதால், பத்து மடங்கே பெரும்பாலும் போதும். இடைப்பட்ட சரக்குக்கு ஒரே கேள்வி: இந்த லோடு முழுவதும் போனால் அடுத்த கொள்முதலுக்குப் பணம் புரளுமா? புரளாது என்றால் கட்டிவிட வேண்டியதுதான்.

கட்டணத்தைக் குறைக்க மதிப்பைக் குறைத்து எழுதுவது சிலருக்கு வழக்கம். எழுதிய தொகைக்கு மேல் ஒரு காசும் கேட்க முடியாது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். பில் தொகையும் படிவத் தொகையும் ஒன்றாக இருக்கட்டும்.

இன்னொன்று. லாரிக்காரரிடம் கட்டும் கூடுதல் கட்டணம் இன்ஷூரன்ஸ் ஆகாது. இயற்கைச் சீற்றம், போர், கலவரம், அரசின் பறிமுதல் போன்றவற்றால் நேரும் இழப்புக்குச் சட்டம் அவருக்கு விலக்கு அளிக்கிறது. வெள்ளத்தில் லாரி சிக்கினால் அவர் கையை விரிக்கலாம். மாதம் பல லோடு அனுப்பும் மொத்த வியாபாரி, இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ஆண்டுக்கு ஒரு திறந்த டிரான்சிட் பாலிசி எடுத்து, ஒவ்வொரு லோடையும் அதில் தெரிவித்துவிடுவது நல்லது. தீ, மோதல், கவிழ்தல் மட்டும் அடங்கிய பாலிசிக்குப் பிரீமியம் குறைவு. ஆனால் அதில் திருட்டு அடங்காது. மசாலா வியாபாரிக்கு அது உதவாது. எந்தப் பாலிசியிலும் மோசமான பேக்கிங், சரக்கு தானே கெடுவது, தாமதம் ஆகியவற்றுக்குப் பணம் வராது.

பணம் வராமல் போவது பெரும்பாலும் டெலிவரி எடுக்கும் இடத்தில்தான். பையன் கையெழுத்துப் போட்டு மூட்டையை எடுத்து வந்துவிடுவான். கடையில் நிறுத்தால் ஆறு கிலோ குறையும். அதற்குப் பிறகு குறை சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். தையல் பிரிந்திருந்தாலோ மூட்டை தொளதொளத்தாலோ அங்கேயே நிறுத்து, குறைவை டெலிவரி புத்தகத்தில் எழுதச் சொல்லி, நகலில் முத்திரையுடன் வாங்க வேண்டும். இன்ஷூரன்ஸ் இருந்தால் அன்றே கம்பெனிக்குச் சொல்லி, சர்வேயர் பார்க்கும்வரை மூட்டையைப் பிரிக்காமல் வைக்கவும்.

லாரி நிறுவனத்துக்கு எழுத்து மூலமான நோட்டீசைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். சரக்கு புக் செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் அது போய்ச் சேராவிட்டால் பிறகு வழக்குப் போட முடியாது. இன்ஷூரன்ஸ் இருப்பவருக்கும் இது அவசியம். நோட்டீஸ் கொடுக்காமல் லாரிக்காரரைக் கேட்கும் உரிமையை இழந்துவிட்டால், கம்பெனி அதைக் காரணம் காட்டித் தொகையைக் குறைக்க இடமுண்டு.