வயதும் வளர்ச்சியும்: மாவட்டப் பயிற்சியாளர்களுக்கு ஒரு பாடம்

விளையாட்டு வீரரை நீண்டகால நோக்குடன் உருவாக்கும் முறையைக் கனடாவில் பணியாற்றிய இஸ்த்வான் பாலி என்னும் அறிஞர் வகுத்தார். அதில் அடிப்படை அசைவுகளைக் கற்றல், பயிற்சி பெறக் கற்றல், உடலைப் பயிற்சிக்கு ஆயத்தமாக்கல், போட்டிக்குப் பயிலுதல், வெற்றிக்குப் பயிலுதல் எனப் பருவங்கள் அமைந்துள்ளன. இவற்றுள் மாவட்டப் பயிற்சியகத்தில் பெரும்பாலும் பிழை நேர்வது, இரண்டாம் பருவத்திலிருந்து மூன்றாம் பருவத்திற்கு மாறும் வேளையிலாகும். அம்மாற்றத்தைக் காட்டுவது பிறந்த தேதி அன்று. உயரம் திடீரென ஓங்கும் காலமே. இவ்வோங்கல் பெண்களுக்குச் சுமார் 12 வயதிலும் ஆண்களுக்குச் சுமார் 14 வயதிலும் உச்சம் அடைகிறது. ஆயினும் ஒரே வயதினரிடையே சில ஆண்டுகள் முன்பின்னாக நிகழ்வதும் இயல்பே.

இதனை அறிய மூன்று மாதங்களுக்கு ஒருமுறை உயரத்தை அளந்து குறித்துவருதல் வேண்டும். காலையில், வெறுங்காலுடன், குதிகால்கள் சுவரைத் தொட நிற்கவைத்து இருமுறை அளக்கவேண்டும். மாலைக்குள் உடல் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் குறுகுமாதலால், அளக்கும் நேரத்தை மாற்றலாகாது.

பதின்மூன்று வயதுள்ள இரு சிறுவர்களை எடுத்துக்கொள்வோம். முதலாமவன் மூன்று மாதங்களில் 148.0 சென்டிமீட்டரிலிருந்து 149.2க்கு வளர்ந்தான், ஆண்டுக்கு இது 4.8 ஆகும். இரண்டாமவன் 158.0இலிருந்து 160.4க்கு உயர்ந்தான், ஆண்டுக்கு 9.6. முன்னவனுக்கு ஓங்கல் இன்னும் தொடங்கவில்லை. பின்னவன் அதன் உச்சத்தை நெருங்கியுள்ளான். இருவரையும் நூறு மீட்டர் ஓடவிட்டுத் தேர்ந்தால், பின்னவனே வெல்லக்கூடும். அவ்வெற்றியில் திறமையின் பங்கு எவ்வளவு, முந்தி வந்த வளர்ச்சியின் பங்கு எவ்வளவு என்பதை ஓட்டநேரம் பிரித்துக் காட்டாது. முன்னவனைக் கழித்துவிடாமல், ஓட்டம், தாண்டல், எறிதல் ஆகியவற்றின் நுட்பங்களைத் தொடர்ந்து கற்பிக்கவேண்டும்.

பின்னவனிடம் வேறு எச்சரிக்கை வேண்டும். எலும்பு நீளும் வேகத்திற்குத் தசையும் தசைநாணும் ஈடுகொடுப்பதில்லை. ஆதலால் தசைநாண் எலும்பில் பற்றும் இடம் இழுபட்டு, முழங்காற் சில்லுக்குச் சற்றுக் கீழேயோ குதிகாலிலோ வலி தோன்றலாம். நேற்றுவரை நன்றாகத் தாண்டியவன் இன்று கால் இடறுவதும் உண்டு. இதைச் சோம்பல் எனக் கருதி வேலையைக் கூட்டுவது தவறு. சில மாதங்களுக்குத் தாண்டல்களின் எண்ணிக்கையையும் கடினமான தரையில் ஓடும் தூரத்தையும் குறைத்து, எளிய நுட்பப் பயிற்சியை நிலைநிறுத்துக. வலி நீடித்தால் மருத்துவரிடம் அனுப்புக.

இம்முறைக்கு எல்லைகளும் உண்டு. அளவில் அரை சென்டிமீட்டர் பிழை நேர்ந்தால், ஆண்டுக் கணக்கில் அது இரண்டு சென்டிமீட்டராகப் பெருகும். எனவே அடுத்தடுத்த இரு காலாண்டுகள் ஒத்துரைத்தாலன்றி முடிவுக்கு வரலாகாது. மேலும், குறித்த பருவத்தில் பயிற்றாவிடில் குறித்த திறன் என்றென்றும் கைவிட்டுப்போகும் என்னும் கூற்றுக்கு உறுதியான சான்று இல்லை. ஆகவே உயரக் குறிப்பேடு பயிற்சிச் சுமையை அளவிடப் பயன்படுவதேயன்றி, சிறுவரைத் தேர்ந்து விலக்கும் கருவியாகாது.