பாதி சாலையில் தார் போடும்போது

பாலாற்றுப் பாலத்தைக் கடந்து திருமுக்கூடலுக்கும் பழைய சீவரத்துக்கும் போய்வருபவர்கள் கவனிக்க:

1. ‘சாலைப் பணி’ பலகையைக் கண்டதுமே வேகத்தைக் குறையுங்கள். கூம்புகள் சாய்வாக நிற்கும் இடத்தில் முந்தாதீர்கள். பாதை அங்கேதான் குறுகும்.

2. 7 மீட்டர் சாலையில் பாதியை மூடினால் மிஞ்சுவது 3.5 மீட்டர். பேருந்தே இரண்டரை மீட்டர் அகலம். எதிரும் புதிருமாக ஓட்ட முடியாது. அதனால் கொடிக்காரர் ஒரு பக்கத்தை நிறுத்தி மறுபக்கத்தை விடுவார். எதிர்ப்பக்கம் காலியாகத் தெரிந்தாலும் காத்திருங்கள். வளைவுக்கு அப்பால் வரும் கடைசி வண்டி அவருக்குத்தான் தெரியும். வரிசையை விட்டு ஒரு பைக் நுழைந்தால் போதும், பின்னால் மற்ற வண்டிகளும் தொடரும், நடுவில் இரு பேருந்துகள் முகத்தோடு முகம் நிற்கும், பின்வாங்க இடமிருக்காது.

3. சுரண்டிய சாலையின் விளிம்பைச் சாய்வாக ஏறாதீர்கள், சக்கரம் வழுக்கும். நேராக, மெதுவாக ஏறுங்கள்.

4. கறுப்பாக மினுங்கும் தார்ப் பூச்சில் பிரேக்கை அழுத்தாதீர்கள். அது ஒட்டுப் பூச்சு, ஈரத்தரையைவிட மோசம்.

5. ரோலர் போன பிறகும் கூம்புகளைத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். சூடு தணியாத தாரில் சக்கரத் தடம் பள்ளமாகப் பதியும்.

6. மாற்றுப்பாதையில் போகச் சொன்னால், லாரிக்காரர்கள் முதலில் அதன் உயர, எடைத் தடைப் பலகையைப் பாருங்கள். ஊருக்குள் திரும்ப இடம் கிடைக்காது.